பெஞ்ச்மார்க்கிங், செக்லிஸ்ட், ஸ்கேட்டர் டயகிராம், ஹிஸ்டோகிராம்: 2 மதிப்பெண் கேள்வியில் குழப்பாமல் எழுத ஒரு முழு வழிகாட்டி

அண்ணா பல்கலைக்கழகத்தின் டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் தாளில் முதல் பகுதி பத்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். ஏழு பாரம்பரியத் தரக் கருவிகளும் பெஞ்ச்மார்க்கிங்கும் ஒரே யூனிட்டில் வருவதால் "வேறுபடுத்துக", "எப்போது பயன்படுத்துவீர்கள்" என்று கேட்பதற்கு இது வசதியான இடம். பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "ஹிஸ்டோகிராம் என்பது தரத்தை மேம்படுத்தவும் பிரச்சினைகளைக் கண்டறியவும் உதவும் ஒரு வரைபடக் கருவி."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஹிஸ்டோகிராம் என்ற பெயரை அடித்துவிட்டு ஸ்கேட்டர் டயகிராம் என்று போட்டுப் பாருங்கள், அப்போதும் வாக்கியம் அப்படியே பொருந்தும். 'வரைபட' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் பெஞ்ச்மார்க்கிங்குக்கும் பொருந்திவிடும். எதற்கும் பொருந்துகிற வாக்கியத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? குறுவினா எழுதும்போது இந்தப் பெயர் மாற்றும் சோதனையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினால் வாக்கியம் உடைய வேண்டும். உடைந்தால்தான் அது பதில்.

அப்படி உடையும் வாக்கியம் எழுத, ஒவ்வொரு கருவிக்குள்ளும் எந்த மாதிரித் தரவு போகிறது, எந்தக் கேள்விக்கு விடை வெளியே வருகிறது, எதை அது சொல்லவே சொல்லாது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

## படி 1: ஏழு கருவிகளில் இந்த நான்கில் எது இருக்கிறது என்று பாருங்கள்

டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் காவோரு இஷிகாவா பரப்பிய ஏழு அடிப்படைக் கருவிகள் இவை: காஸ் அண்ட் எஃபெக்ட் டயகிராம், செக் ஷீட், கன்ட்ரோல் சார்ட், ஹிஸ்டோகிராம், பரேட்டோ சார்ட், ஸ்கேட்டர் டயகிராம், ஸ்ட்ராட்டிஃபிகேஷன். கடைசியில் உள்ளதற்குப் பதில் ஃப்ளோ சார்ட்டைச் சேர்க்கும் புத்தகங்களும் உண்டு. உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள், அங்கே வாதாட வேண்டாம்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். தலைப்பில் உள்ள நான்கில் ஹிஸ்டோகிராமும் ஸ்கேட்டர் டயகிராமும்தான் அதில் இருக்கின்றன. பெஞ்ச்மார்க்கிங் இல்லை. செக்லிஸ்டும் இல்லை, இருப்பது செக் ஷீட். "கீழ்க்கண்டவற்றில் ஏழு அடிப்படைக் கருவிகளில் சேராதது எது?" என்ற ஒரு மதிப்பெண் கேள்வியில் பெஞ்ச்மார்க்கிங் அடிக்கடி தலைகாட்டுவது இதனால்தான். பெஞ்ச்மார்க்கிங்கும் தரத்துக்கான வழிமுறைதான், ஆனால் அது தொழிற்சாலைத் தளத்தில் தரவை வரைந்து பார்க்கும் கருவி அல்ல. நிர்வாகம் எடுத்துச் செய்யும் ஒரு முழு வேலை.

## படி 2: ஒரே ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

நான்கு கருவிக்கும் நான்கு உதாரணம் மனப்பாடம் செய்தால் தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே பிரச்சினையை நான்கு கருவியாலும் பார்த்தால் வித்தியாசம் தானாகவே தெரியும்.

ஒரு சிறிய பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சி.என்.சி. லேத்தில் ஷாஃப்ட் கடைகிறார்கள். விட்டம் 25.00 மி.மீ., இரண்டு பக்கமும் 0.05 வரை விலகலாம். அதாவது 24.95 முதல் 25.05 வரை வந்தால் பாஸ். 0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டரால் அளக்கிறார்கள். கொஞ்ச நாளாக ரிஜெக்ஷன் கூடியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

## படி 3: செக்லிஸ்டையும் செக் ஷீட்டையும் பிரியுங்கள்

நான்கில் அதிகம் சறுக்குவது இங்கேதான். சில வழிகாட்டி நூல்களே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன.

பட்டறையில் ஷிஃப்ட் தொடங்கும்போது ஆபரேட்டர் ஒரு அட்டையைப் பார்க்கிறார்: மைக்ரோமீட்டர் ஜீரோ சரியா? வெட்டும் முனையான இன்சர்ட்டின் ஸ்க்ரூ இறுக்கமா? கூலன்ட் அளவு போதுமா? சரியான புரோகிராம்தான் ஏற்றப்பட்டிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். இதுதான் செக்லிஸ்ட். ஒவ்வொரு வரிக்கும் விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிட்டால் அட்டையின் வேலை முடிந்தது. அந்த டிக்குகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

செக்லிஸ்ட் எதற்கு என்பதை விமானத் துறையின் ஒரு விபத்து நன்றாகக் காட்டும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பின்போது மேலெழும்பிய உடனே விழுந்தது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. விமானம் நிற்கும்போது காற்றில் அசையாமல் வால்பகுதிக் கட்டுப்பாடுகளைப் பூட்டிவைப்பார்கள். புறப்படும் முன் அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் அனுபவசாலி. அதன் பிறகுதான் விமானிகளுக்கான செக்லிஸ்ட் முறையாக வந்தது. வேலை தெரிந்தவரே ஒரு படியை விட்டுவிடலாம், அதைத் தடுப்பதுதான் செக்லிஸ்டின் வேலை. வேலை தெரியாதவருக்கு அது கற்றுக்கொடுக்காது.

செக் ஷீட் வேறு. ரிஜெக்டான ஷாஃப்ட் ஒவ்வொன்றும் வரும்போது, எந்தக் குறை, எந்த லேத் என்று பார்த்து அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. வாரக் கடைசியில் கூட்டினால் இப்படி இருக்கிறது:

| குறை | லேத் 1 | லேத் 2 | மொத்தம் |
|---|---|---|---|
| விட்டம் கூடியது | 1 | 16 | 17 |
| விட்டம் குறைந்தது | 14 | 1 | 15 |
| கீறல் | 3 | 3 | 6 |
| விளிம்பில் பிசிறாக நிற்கும் பர் | 2 | 2 | 4 |

இங்கே கோடுகளைக் கூட்டத்தான் தாள். கூட்டியதும் ஒரு தகவல் பிறக்கிறது: 42 ரிஜெக்டில் 32 விட்டப் பிரச்சினை, அதிலும் ஒரு லேத் குறைத்துக் கடைகிறது, இன்னொன்று கூட்டிக் கடைகிறது. லேத் வாரியாகப் பத்தி பிரிக்காமல் மொத்தம் மட்டும் குறித்திருந்தால் இந்த விஷயம் புதைந்திருக்கும். அந்தப் பிரிப்புக்குத்தான் ஸ்ட்ராட்டிஃபிகேஷன் என்று பெயர். செக் ஷீட்டை வடிவமைக்கும்போதே எதன் அடிப்படையில் பிரிக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். வாரம் முடிந்த பிறகு எந்தக் கோடு எந்த லேத்துடையது என்று தேட முடியாது.

விடைத்தாளில்: செக்லிஸ்ட் வேலைக்கு முன்போ நடக்கும்போதோ படிகள் விடுபடாமல் காக்கிறது, விடை ஆம்/இல்லை. செக் ஷீட் நடந்தவற்றை எண்ணித் தரவாகச் சேர்க்கிறது, விடை எண்ணிக்கை. கேள்வியில் செக்லிஸ்ட் என்று போட்டுவிட்டு "ஏழு கருவிகளில் ஒன்றாக விளக்குக" என்று கேட்டிருந்தால் கேட்டவர் மனதில் இருப்பது செக் ஷீட்தான். டேலி கோடு போட்ட ஒரு சிறு கட்டத்தையும் வரைந்துவிடுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

## படி 4: ஹிஸ்டோகிராமை ஒருமுறையாவது கையால் வரையுங்கள்

பள்ளியில் நிகழ்வுச் செவ்வகம் என்று படித்ததுதான். ஆனால் அங்கே வகுப்பு இடைவெளியைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். பட்டறையில் அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பாதிப் பிழை அங்கே நடக்கிறது.

இரண்டு லேத்திலிருந்தும் கலந்து 50 ஷாஃப்ட் எடுத்து அளக்கிறோம். பெரியது 25.06, சிறியது 24.92. வீச்சு 0.14. எத்தனை வகுப்பு வைப்பது? √50 ஏறக்குறைய 7. ஆக அகலம் 0.14 ÷ 7 = 0.02 மி.மீ.

இங்கே ஒரு நொடி நில்லுங்கள். அகலம் 0.02 என்று சுத்தமாக வந்தது நம் அதிர்ஷ்டம். 0.013 என்று வந்திருந்தால் அதை அப்படியே வைக்கக் கூடாது. மைக்ரோமீட்டர் 0.01, 0.02 என்றுதான் காட்டும். 0.013 அகலத்தில் சில வகுப்புக்குள் இரண்டு அளவு விழும், சிலவற்றில் ஒன்றுதான் விழும். படம் ஏறி இறங்கிச் சீப்பின் பல் போல வரும். அதைப் பார்த்துவிட்டு இயந்திரத்தில் கோளாறு என்று தேடினால் வீண். கோளாறு வகுப்பு அகலத்தில் இருக்கிறது. அகலம் எப்போதும் கருவியின் நுட்ப அளவின் முழு மடங்காக இருக்கட்டும்.

அடுத்தது எல்லை. 24.92-இலிருந்து தொடங்கி 24.94, 24.96 என்று போனால், 24.94 என்ற அளவு எந்த வகுப்பில் விழும் என்ற சிக்கல் வரும். நுட்ப அளவில் பாதியைக் கழித்து 24.915-இல் தொடங்குங்கள். அப்போது எந்த அளவும் எல்லைக் கோட்டின் மேல் உட்காராது. 24.915-இலிருந்து 0.02 ஆகப் போனால் ஏழாவது வகுப்பு 25.055-இல் முடிந்துவிடுகிறது, 25.06 வெளியே நிற்கிறது. ஆகவே எட்டாவது வகுப்பு ஒன்று வேண்டும். √n என்பது ஒரு தொடக்கம்தான், சட்டம் அல்ல. ஒன்று கூடினால் பரவாயில்லை.

| வகுப்பு | எண்ணிக்கை |
|---|---|
| 24.915 – 24.935 | 2 |
| 24.935 – 24.955 | 6 |
| 24.955 – 24.975 | 11 |
| 24.975 – 24.995 | 5 |
| 24.995 – 25.015 | 4 |
| 25.015 – 25.035 | 12 |
| 25.035 – 25.055 | 8 |
| 25.055 – 25.075 | 2 |

வரைந்தால் நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. இந்த 50 அளவின் சராசரியை வகுப்பு மையங்களைக் கொண்டு கணக்கிட்டால் 24.997 வருகிறது. அதாவது 25.00 என்ற இலக்கை அச்சு அசலாகத் தொடுகிறது! சராசரியை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினால் மேனேஜர் எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்பார். உண்மையில் 25.00-க்குப் பக்கத்தில் வரும் ஷாஃப்ட்தான் குறைவு. ஹிஸ்டோகிராம் எதற்கு என்று கேட்டால் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. சராசரி மறைப்பதை வடிவம் காட்டிக்கொடுக்கிறது.

இரட்டை மேடு வந்தால் பொதுவாக இரண்டு வெவ்வேறு மூலங்கள் கலந்திருக்கின்றன என்று பொருள்: இரண்டு இயந்திரம், இரண்டு ஷிஃப்ட், இரண்டு சப்ளையரின் பொருள். நம் உதாரணத்தில் லேத் வாரியாகப் பிரித்து வரைந்தால் முதல் லேத் 24.97-ஐச் சுற்றியும் இரண்டாவது 25.03-ஐச் சுற்றியும் தனித்தனி மேடாக நிற்கின்றன. முதல் லேத்தின் காரணம் உடனே கிடைத்துவிட்டது: வெட்டும் முனையின் இடத்தைச் சரிசெய்ய அதில் ஏற்றும் எண்ணான டூல் ஆஃப்செட்டே 0.03 குறைவாக ஏற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது லேத்தின் காரணம் இன்னும் தெரியவில்லை.

ஹிஸ்டோகிராம் சொல்லாதது என்ன? நேரம். முதலில் கடைந்த ஷாஃப்ட்டும் கடைசியில் கடைந்ததும் ஒரே வகுப்பில் விழுந்துவிட்டால் எது முன், எது பின் என்பது அழிந்துவிடுகிறது. விட்டம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறதா என்று ஹிஸ்டோகிராமிடம் கேட்டால் அதனால் சொல்ல முடியாது. அதற்கு அளவுகளை நேர வரிசையில் காட்டும் ரன் சார்ட்டோ கன்ட்ரோல் சார்ட்டோ வேண்டும். "ஹிஸ்டோகிராமின் ஒரு குறைபாடு" என்ற கேள்விக்கு இந்த ஒரு வரி போதும்.

பார் சார்ட்டோடு வேறுபடுத்தச் சொன்னால்: ஹிஸ்டோகிராமின் கிடை அச்சில் அளந்து பெறும் தொடர் மதிப்பு இருக்கும், பட்டைகள் ஒட்டி நிற்கும், வரிசையை மாற்ற முடியாது. பார் சார்ட்டில் வகைகள் இருக்கும், இடைவெளி இருக்கும், வரிசையை மாற்றலாம். மேலே செக் ஷீட்டில் வந்த கீறல், பர் போன்றவற்றை வரைந்தால் அது பார் சார்ட். இறங்கு வரிசையில் அடுக்கித் திரள் சதவீதக் கோட்டையும் சேர்த்தால் பரேட்டோ.

## படி 5: ஸ்கேட்டர் டயகிராமில் 'ஜோடி' என்ற சொல்லை விடாதீர்கள்

இரண்டாவது லேத்துக்கு வருவோம். ஒருவர் சொல்கிறார், "இன்சர்ட் தேய்ந்துபோய்தான் விட்டம் கூடுது." கடைசல் வேலை தெரிந்தவருக்கு இது புரியும். வெளி விட்டம் கடையும்போது முனை தேயத் தேய அது முன்பு தொட்ட ஆழத்தைத் தொடுவதில்லை. அதனால் ஷாஃப்ட் கொஞ்சம் பருமனாகவே நின்றுவிடுகிறது. சொன்னது சரியா என்று பார்க்க, புது இன்சர்ட் போட்ட பிறகு எத்தனையாவது பீஸ் என்பதையும் அதே பீஸின் விட்டத்தையும் சேர்த்துக் குறிக்கிறோம்:

| எத்தனையாவது பீஸ் | விட்டம் (மி.மீ.) |
|---|---|
| 10 | 24.98 |
| 20 | 24.98 |
| 30 | 24.99 |
| 40 | 25.01 |
| 50 | 25.01 |
| 60 | 25.03 |
| 70 | 25.03 |
| 80 | 25.05 |

காரணம் என்று சந்தேகிப்பது கிடை அச்சில், விளைவு செங்குத்து அச்சில். புள்ளிகள் இடமிருந்து வலமாக ஏறுகின்றன. ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டால் r = 0.98, அதாவது வலுவான நேர் ஒட்டுறவு. சாய்வு ஏறக்குறைய 10 பீஸுக்கு 0.01 மி.மீ. எண்பதாவது பீஸ் மேல் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் அதே இன்சர்ட்டை ஓட்டினால் 'விட்டம் கூடியது' கட்டத்தில் கோடு விழுந்துகொண்டே இருக்கும். 70-இல் மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு இப்போது ஓர் அடிப்படை இருக்கிறது. தேர்வுக்கு எட்டு ஜோடி போதும். நிஜ வேலையில் குறைந்தது 30 ஜோடியாவது எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஜோடி என்பதை ஏன் அழுத்துகிறேன்? இன்று அளந்த 50 விட்டமும் நேற்று எண்ணிய 50 பீஸ் வரிசை எண்ணும் கையில் இருந்தாலும் ஸ்கேட்டர் வரைய முடியாது. எந்த விட்டம் எந்தப் பீஸுடையது என்று தெரிந்தால்தான் ஒரு புள்ளி கிடைக்கும். ஹிஸ்டோகிராமுக்கு ஒரு மாறி போதும், ஸ்கேட்டருக்கு ஒரே பொருளிலிருந்து எடுத்த இரண்டு மாறி வேண்டும். பெயர் மாற்றும் சோதனையில் பளிச்சென்று உடைகிற வாக்கியம் இதுதான்.

சொல்லாதது: காரணத்தை. இரண்டும் சேர்ந்து ஏறுவதால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது. பீஸ் எண்ணிக்கை ஏறும்போது நேரமும் ஓடுகிறது, இயந்திரமும் சூடாகிறது. விட்டம் மாறியது சூட்டாலா தேய்மானத்தாலா? படம் சொல்லாது. இயந்திரம் சூடாக இருக்கும்போதே புது இன்சர்ட் போட்டு ஒரு பீஸ் கடைந்து அளந்தால் தெரிந்துவிடும். விட்டம் மறுபடி 24.98-க்கு இறங்கினால் தேய்மானம்தான், இறங்காவிட்டால் சூட்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழி, புள்ளிகளை நம் வசதிக்குத் தேர்ந்தெடுப்பது. 1986 ஜனவரி 28 அன்று வெடித்த சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் கதை இதில் பாடமாகச் சொல்லப்படுவது. முந்தைய நாள் இரவு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்று விவாதித்தபோது பாதிப்பு கண்ட பறப்புகளின் வெப்பநிலையை மட்டும் பார்த்தார்கள். அவற்றை மட்டும் புள்ளியிட்டால் தொடர்பு தெளிவாகத் தெரியாது. பாதிப்பே இல்லாத பறப்புகளையும் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது. ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடந்த நான்கு பறப்பிலும் பாதிப்பு, அதற்கு மேல் நடந்த இருபதில் மூன்றில்தான் பாதிப்பு. நம் பட்டறையில் ரிஜெக்டான ஷாஃப்ட்டை மட்டும் வைத்து ஸ்கேட்டர் வரைந்தாலும் இதே கதிதான். எல்லாம் 25.06-ஐ ஒட்டி ஒரு படுக்கைக் கோடாக நிற்கும், தொடர்பே இல்லை என்று தோன்றும்.

## படி 6: பெஞ்ச்மார்க்கிங்கில் எண்ணோடு நின்றுவிடாதீர்கள்

இதுவரை பார்த்த எல்லாத் தரவும் நம் பட்டறைக்குள்ளே பிறந்தவை. பெஞ்ச்மார்க்கிங்குக்கு அப்படிப் போதாது. நம் அளவோடு, அதே வேலையைச் சிறப்பாகச் செய்யும் இன்னொரு இடத்தின் அளவும் வேண்டும். முக்கியமாக, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதும் வேண்டும்.

70 பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட் மாற்றலாம் என்றதும் ஆபரேட்டர் முனகுகிறார், ஒவ்வொரு முறையும் 6 நிமிடம் லேத் நிற்கிறதாம். அதே முதலாளியின் இன்னொரு பட்டறையில் 2 நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "அவர்கள் 2, நாம் 6" என்று சுவரில் எழுதி ஒட்டினால் அது பெஞ்ச்மார்க் மட்டும்தான், வெறும் ஒப்பீட்டு அளவு. போய்ப் பார்த்து, அவர்கள் இன்சர்ட்டை லேத்துக்கு வெளியிலேயே ஹோல்டரில் பொருத்தி அளவெடுத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள், லேத் நிற்கும்போது ஹோல்டரை மட்டும் மாற்றுகிறார்கள் என்று கண்டறிந்து, நம் லேத்துக்கு ஏற்றபடி அதைக் கொண்டுவந்து, மறுபடி நேரம் எடுத்துப் பார்ப்பதுதான் பெஞ்ச்மார்க்கிங்.

இதில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கதை எல்லாப் பாடத்திலும் வரும். 1979-இல் தங்கள் காப்பியர் தயாரிப்புச் செலவை ஜப்பானியத் தயாரிப்புகளோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. கிடங்கில் ஆர்டருக்குப் பொருள் எடுத்துக் கட்டும் வேலையை மேம்படுத்த அவர்கள் போய்ப் பார்த்த இடம் எல்.எல்.பீன். அது அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் தபால் வழியாக உடைகளும் வெளிப்புறப் பயணப் பொருட்களும் விற்கும் நிறுவனம். காப்பியருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஆர்டர் எடுத்துக் கட்டும் வேலை ஒன்றுதான். போட்டியாளர் இல்லை என்பதால் ஒளிவுமறைவில்லாமல் காட்டவும் செய்வார்கள். இந்த ஒரு கதையிலேயே வகைகள் விளங்கிவிடும். நம் சொந்தக் கிளையோடு ஒப்பிட்டால் உள் பெஞ்ச்மார்க்கிங், போட்டியாளரோடு ஒப்பிட்டால் போட்டிசார் பெஞ்ச்மார்க்கிங், வேறு துறையில் இதே வேலையைச் செய்பவரோடு ஒப்பிட்டால் செயல்முறை பெஞ்ச்மார்க்கிங்.

சொல்லாதது: நம் குறையின் காரணத்தை. இன்னொரு பட்டறையின் ரிஜெக்ஷன் நம்முடையதில் பாதி என்று தெரிந்தாலும், நம் முதல் லேத்தின் ஆஃப்செட் தவறு என்பதை அது காட்டிக்கொடுக்காது. எண்களை ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் ஒரே வரையறைதானா என்றும் பாருங்கள். ரீவொர்க் செய்து சரியாக்கியதை அவர்கள் ரிஜெக்டில் சேர்க்காமல், நாம் சேர்த்திருந்தால் ஒப்பீடே அர்த்தமில்லை.

## படி 7: இனி விடைத்தாள்

2 மதிப்பெண்ணுக்கு நான்கைந்து வரி போதும். பொது வாக்கியத்தில் தொடங்காதீர்கள். தரவு, கேள்வி, எல்லை என்ற வரிசையில் நேராகப் போங்கள். வேறுபடுத்தும் கேள்வியில் இரண்டு பக்கமும் ஒரே அடிப்படையில் எதிரெதிராக நிற்க வேண்டும். "ஹிஸ்டோகிராமில் பட்டைகள் இருக்கும், ஸ்கேட்டர் டயகிராம் காரணத்தைக் காட்டும்" என்று எழுதினால் ஒன்று உருவம், இன்னொன்று பயன். அது வேறுபாடு ஆகாது. தவிர, இரண்டாவது பாதி தவறும்கூட.

ஹிஸ்டோகிராம், ஸ்கேட்டர் டயகிராம் வேறுபடுத்துக என்றால் இப்படி எழுதலாம்:

"ஹிஸ்டோகிராமுக்கு ஒரு மாறியின் அளவுகள் போதும். அவை எங்கே குவிகின்றன, எவ்வளவு பரவுகின்றன என்பதை வகுப்புவாரி எண்ணிக்கையால் காட்டும். எ.கா. 50 ஷாஃப்ட்டின் விட்டம். ஸ்கேட்டர் டயகிராமுக்கு ஒரே பொருளிலிருந்து ஜோடியாக எடுத்த இரண்டு மாறிகள் வேண்டும். அவற்றிடையே தொடர்பு உண்டா, எத்திசையில் என்பதைக் காட்டும். எ.கா. பீஸ் எண்ணும் விட்டமும். முதலாவது கால வரிசையைக் காட்டாது, இரண்டாவது காரணத்தை நிரூபிக்காது."

பெஞ்ச்மார்க்கிங் ஏழு அடிப்படைக் கருவிகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்டால்:

"அடிப்படைக் கருவிகள் பெரும்பாலும் சொந்தச் செயல்முறையின் தரவைச் சேகரித்துப் பிரச்சினையையும் அதன் காரணத்தையும் தேட உதவுகின்றன. பெஞ்ச்மார்க்கிங் சொந்தச் செயல்திறனைச் சிறந்து விளங்கும் இன்னொரு பிரிவோடோ நிறுவனத்தோடோ ஒப்பிட்டு, இடைவெளியை அளந்து, அவர்களின் நடைமுறையைத் தழுவிக்கொள்ளும் தொடர் வழிமுறை. எ.கா. ஜெராக்ஸ் தன் கிடங்கு வேலையை எல்.எல்.பீனோடு ஒப்பிட்டது."

சூழலைச் சொல்லிக் கருவியைக் கேட்கும் கேள்விகளுக்கு, வாக்கியத்தில் எத்தனை மாறி ஒளிந்திருக்கிறது என்று எண்ணுவதுதான் குறுக்கு வழி. "மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் நேரம் எப்படிப் பரவியிருக்கிறது?" என்றால் மாறி ஒன்றுதான், ஹிஸ்டோகிராம். "காத்திருக்கும் நேரம் அன்றைய டாக்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுகிறதா?" என்றால் மாறி இரண்டு, நாள்தோறும் ஒரு ஜோடி, ஸ்கேட்டர். "புகார்கள் எந்த வகையில் அதிகம்?" என்றால் எண்ண வேண்டும், செக் ஷீட். "அறுவைக்கு முன் எதுவும் விடுபடக் கூடாது" என்றால் செக்லிஸ்ட், உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். "பக்கத்து ஊர் மருத்துவமனையில் இதே வேலை பாதி நேரத்தில் எப்படி முடிகிறது?" என்றால் பெஞ்ச்மார்க்கிங்.

ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம் சிக்கல். "காத்திருக்கும் நேரம் காலையிலிருந்து மாலைக்குள் எப்படி மாறுகிறது?" என்று கேட்டால் நேரம் ஒன்று, காத்திருப்பு ஒன்று என்று இரண்டு மாறி எண்ணி ஸ்கேட்டர் என்று எழுதத் தோன்றும். கேட்பது காலப்போக்கை என்றால் ரன் சார்ட் என்று எழுதுங்கள். புள்ளிகளை வரிசையாகக் கோட்டால் இணைப்பது அதில்தான், ஸ்கேட்டரில் புள்ளிகளை இணைக்கவே கூடாது.